தலை ஈற்றுக் கிடேரியின் மடியைப் பழக்குவது எப்படி?

“என் கிடேரி ஏழு மாசச் சினை, தலை ஈற்று. மடியில் கை பட்டாலே உதைக்கிறது. இப்போதே லேசாகக் கறந்து பழக்கலாமா? தீவனத்தையும் கூட்ட வேண்டுமா?”

மடியைத் தொட்டுப் பழக்குங்கள், ஆனால் கறக்காதீர்கள். கன்று போடும்வரை காம்பு நுனித் துளையை மெழுகு மாதிரி ஓர் அடைப்பு மூடியிருக்கும். ஒரு பீச்சு பீச்சினாலும் அது போய்விடும், மடிநோய்க் கிருமிக்கு வழி திறந்துவிடும். சீம்பாலும் வீணாகும்.

பழக்குவதற்குத் தீவன வேளைதான் சரியான நேரம். பின்னால் கறக்கப்போகிற இடத்திலேயே அடர்தீவனத்தை வையுங்கள். அது தின்னும்போது, கறக்கப்போகிறவரே முதுகைத் தடவத் தொடங்கட்டும். நாலைந்து நாளில் கை வயிற்றுக்கு வரலாம், அப்புறம் தொடையின் உட்புறம், கடைசியில் மடி. உதைத்தால் வெடுக்கென்று கையை எடுக்காதீர்கள், உதைத்தால் விட்டுவிடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். கையை அப்படியே வைத்திருந்து, அது அடங்கியதும் எடுங்கள். காலைக் கட்டிவிட்டுத் தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் அது பழகுவது பயத்துக்குத்தான்.

வயிற்றுக் கன்று பெரிதாக வளர்வது கடைசி இரண்டு மாதத்தில். அதனால் இப்போது ஒரு கிலோ அடர்தீவனம் கொடுத்தால், பத்து நாளுக்கு அரை கிலோ வீதம் கூட்டி, சுமார் இரண்டரை கிலோவில் நிறுத்துங்கள். தாது உப்புக் கலவையை விடாதீர்கள், சாப்பாட்டு உப்பை மட்டும் அதிகமாக்க வேண்டாம், மடி வீக்கம் கூடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், லேசாக அழுத்தினால் கையில் தட்டுப்பட வேண்டும். வாலடியில் கொழுப்பு திரண்டிருந்தால் அடர்தீவனத்தைக் கூட்டாதீர்கள். கொழுத்த கிடேரிக்குக் கன்று சிக்கும்.

கடைசி இரண்டு வாரத்தில் மடி வீங்குவது இயல்பு. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும், வலி இருக்காது. ஒரு காம்புப் பக்கம் மட்டும் சூடாக, கல் போலக் கெட்டியானால் அது வேறு விஷயம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்தக் கடைசி இரண்டு வாரத்திலேயே கிடேரியைத் தனி இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். வழுக்காத தரையில் உலர்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, நனைந்ததைத் தினமும் அள்ளிவிடுங்கள். வைக்கோல் மேல் நீங்களே ஒரு நிமிடம் மண்டியிட்டுப் பாருங்கள். முட்டி நனைந்தால் அது மடி படுவதற்கான இடமில்லை.

வாலடித் தசைநார்கள் தளர்ந்து, வாலின் இருபுறமும் பள்ளம் விழுந்தால் ஈற்று நெருங்கிவிட்டது. பக்கத்திலேயே நிற்காமல் தள்ளியிருந்து பாருங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கால் தெரியாவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள், நீங்களாக இழுக்க வேண்டாம்.