ஃப்ரீ லுக் 30 நாள்: எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

நாகர்கோவிலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வெகுகாலம் பாலிசி சேவைப் பிரிவில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக எடுத்த பாலிசி ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், அந்தக் காலம்தான் ஃப்ரீ லுக். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தக்கலை அக்கா: டெபாசிட் புதுப்பிக்க பேங்க் போனேன். நல்ல வட்டி வரும் என்று ஒரு லட்சத்தை ஏதோ ஒன்றில் போட வைத்தார்கள். பத்திரம் வந்த பிறகுதான் வருடா வருடம் ஒரு லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. மார்ச் 3 பணம் எடுத்தார்கள், 8-ம் தேதி போட்ட பாலிசி, ஸ்பீட் போஸ்டில் 21-ம் தேதி கைக்கு வந்தது. இன்று ஏப்ரல் 12. பேங்கில் "30 நாள் தாண்டிவிட்டது" என்கிறார்கள்.

தாண்டவில்லை அக்கா. பேங்கில் 8-ம் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். பத்திரம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 21-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 20 வரை இருக்கிறது. தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள எண்ணை அஞ்சல் துறைத் தளத்தில் போட்டால் எந்த நாள் பட்டுவாடா ஆனது என்று காட்டும். அதை இன்றே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. பத்திரத்தோடு நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல் இருக்கும். அதில் மின்னஞ்சல் என்ற இடத்தில் யாருடைய முகவரி இருக்கிறது என்று பாருங்கள். மின்னஞ்சலே இல்லாதவர்களுக்கு விற்றவரே தன் முகவரியைப் போட்டு வைப்பது உண்டு. அப்படி இருந்தால் "9-ம் தேதியே மெயிலில் அனுப்பிவிட்டோம்" என்று கம்பெனி சொல்லலாம். அது உங்கள் முகவரியே அல்ல என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடிதத்தைப் பேங்கில் கொடுக்க வேண்டாம். காப்பீட்டுக் கம்பெனியின் கிளைக்கே நேராகப் போங்கள். கடிதம் நாலு வரி போதும்: பாலிசி எண், பத்திரம் கிடைத்த தேதி, "வருடா வருடம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை, ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவும்" என்று ஒரு வரி, கையெழுத்து. கூடவே மூலப் பத்திரம், அடையாளச் சான்று, பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம். பத்திரத்தைக் கொடுக்கும் முன் முழுதும் நகல் எடுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் இறங்காதீர்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும், கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மெயிலுக்கும் அன்றே அனுப்புங்கள்.

சீலுக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், என் கவுண்டருக்கு ஒருமுறை 33-ம் நாள் ஓர் அம்மா வந்தார். அவர் கடிதம் எழுதியது 12-ம் நாள். முகவர் "நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ரத்தானால் அவருடைய கமிஷனும் திரும்பப் போகும், அவர் ஏன் ஓடுவார்? கடிதத்தில் இருந்த தேதியை நிரூபிக்க அந்த அம்மாவிடம் எதுவுமே இல்லை.

தக்கலை அக்கா: ஒரு லட்சமும் முழுதாக வருமா?

முழுதாக வராது, கொஞ்சம் குறையும். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, பாலிசி தொடங்கிய நாளிலிருந்து ரத்தாகும் நாள் வரை உங்கள் உயிருக்குக் காப்பு இருந்ததற்கான பங்கு, இந்த மூன்றைத்தான் பிடிக்கலாம். உங்கள் பத்திரத்தில் காப்புத் தொகை பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால் முத்திரை ஆயிரத்துக்கு 20 பைசா வீதம் 200 ரூபாய். பரிசோதனை இல்லை. காப்புப் பங்கு வயதைப் பொறுத்தது, உத்தேசமாக எழுநூறு எண்ணூறு என்றால், 99 ஆயிரத்தை ஒட்டி வரும். "ரத்துக் கட்டணம் பத்து சதவீதம்" என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் முகவர்: அண்ணாச்சி, தப்பாகச் சொல்கிறீர்கள். ஃப்ரீ லுக் 15 நாள்தான். நான் பத்து வருடமாக பாலிசி போடுகிறவன். காரணமும் எழுத வேண்டும்.

பாதி சரி தம்பி. தாளில் வரும் பத்திரத்துக்கு 15, மின்னணுப் பாலிசிக்கும் போனில் விற்றதற்கும் 30 என்று முன்பு இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 30. காரணம் எழுத வேண்டும் என்பது சரிதான், அதனால்தான் மேலே அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். இடையில் கிளெய்ம் எதுவும் கேட்டிருக்கக் கூடாது, அதுவும் உண்டு.

குலசேகரம்: நான் மூணு வருடம் கட்டிவிட்டேன், ரப்பர் விலை இறங்கி இனி முடியாது. இந்த 30 நாளில் விண்ணப்பித்தால் பணம் வருமா?

இது வேறு விஷயம். உங்களுடையது சரண்டர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்வது, அதற்குப் பாலிசியில் தனிக் கணக்கு இருக்கிறது. ஃப்ரீ லுக் புதிதாக எடுத்த ஆயுள், மருத்துவப் பாலிசிக்கு மட்டும். மருத்துவப் பாலிசியை வருடாவருடம் புதுப்பிக்கும்போதும் கிடையாது.

தூத்தூர்: சார், என் வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போகிறவர். கடலுக்குப் போகும் முந்தின நாள் போனில் பேசியே ஒரு பாலிசி போட வைத்துவிட்டார்கள். அவர் மெயிலுக்குப் பத்திரம் வந்திருக்கிறது. கடலில் நெட்வொர்க் ஏது? கரைக்கு வந்தது 41-ம் நாள். கம்பெனி மெயில் போன தேதியைச் சொல்கிறது.

இதற்கு நான் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது தங்கச்சி. கம்பெனிகள் மெயில் போய்ச் சேர்ந்த நாளைத்தான் பிடிப்பார்கள். "பார்த்த நாள்" என்று நீங்கள் வாதாடலாம், எடுபடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் இன்றே அவர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். போட் கரையை விட்ட தேதி, திரும்பிய தேதிக்கான துறைமுகப் பதிவு இருந்தால் சேருங்கள். போனில் விற்றபோது பதிவான பேச்சையும் கேளுங்கள். அதில் வேறு ஏதாவது பொய் சொல்லியிருந்தால் அது தப்பாக விற்ற புகார், அது 30 நாள் கணக்கில் அடங்காது.

வள்ளவிளை: என் மச்சானுக்கும் இதேதான். அவன் மனைவியே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தாள். வாங்கவில்லை.

பாலிசி யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துத்தான் செல்லும்.

தூத்தூர்: கம்பெனி மறுத்தால் அடுத்தது எங்கே?

முதலில் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரி. கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்தில் அல்லது 155255 எண்ணில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உங்கள் வீடு தமிழ்நாட்டில் என்பதால் சென்னை அலுவலகம். பாலிசி போட்ட கம்பெனிக் கிளை திருவனந்தபுரத்தில் என்றால் கொச்சிக்கும் போகலாம், நம்மூருக்கு அதுதான் பக்கம்.

கருங்கல்: யூலிப் என்றால்?

யூலிப்பில் உங்கள் பணம் சந்தையில் யூனிட்டுகளாகப் போடப்படும். அந்த யூனிட்டுகளை ரத்தாகும் நாள் விலைக்கு எடுப்பார்கள். சந்தை இறங்கியிருந்தால் அந்த நஷ்டம் உங்களுக்கு.

தக்கலை அக்கா: கொடுத்துவிட்டேன். முதலில் "பேங்க் வழியாகத்தான் வர வேண்டும்" என்றார்கள், நான் நகரவில்லை. சீல் போட்டுத் தந்தார்கள், ஏப்ரல் 15. இன்று ஐந்து நாள், பணம் வரவில்லை. பேங்க்காரப் பையன் மட்டும் தினமும் போன் போட்டு வேறு திட்டத்துக்கு மாற்றித் தருகிறேன் என்கிறான்.

கோரிக்கை கிடைத்த 7 நாளுக்குள் பணம் போட வேண்டும், அதாவது 22 வரை பொறுங்கள். தாமதமானால் வட்டியும் சேர்த்துக் கேட்கலாம், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். அந்தப் பையன் வீட்டுக்கு வந்து எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள், "ரத்துக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற தாளாகவும் அது இருக்கலாம். 23-ம் தேதி வந்து இங்கே சொல்லுங்கள்.