கேள்விக்குச் சாட்சி கிடையாது

அன்புள்ள சார்,
பயமுறுத்தும் எண்ணத்தை எழுதிச் சோதித்துப் பார்க்க, கவுன்சலர் 'எண்ணப் பதிவு' என்று ஏழு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். வியாழக்கிழமை பெருங்குடியில் இன்டர்வியூ. போன தடவை, டேட்டாபேஸ் அட்டவணைகளை இணைக்கும் எஸ்க்யூஎல் ஜாயின் பற்றிய கேள்வியில் திணறி, இரண்டாம் ரவுண்டோடு அனுப்பிவிட்டார்கள். இப்போதைய ஆபீஸில் இரண்டு வருஷமாக மாதாந்திர ரிப்போர்ட் நான்தான் தயார் செய்கிறேன். தாளில் 'சூழ்நிலை: இன்டர்வியூ. உணர்ச்சி: நூற்றுக்குப் பயம் 85, வெட்கம் 60. எண்ணம்: சொதப்பிவிட்டால் என்ன ஆகும்?' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.
க., வேளச்சேரி

அன்புள்ள க.,

மூன்றாவது கட்டத்தில் நீங்கள் எழுதியது கேள்வி. கேள்விக்கு ஆதரவாகவோ எதிராகவோ யாரும் சாட்சி சொல்ல முடியாது. பேனா நின்றது அதனால்தான். இந்தத் தாளுக்கு அடிப்படையான அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய மனநல மருத்துவர் ஆரன் பெக், எண்ணத்தை ஓர் ஊகமாக எடுத்துக்கொண்டு சோதிக்கச் சொன்னார். சோதிக்க வேண்டுமானால் அது வாக்கியமாக இருக்க வேண்டும்.

முதலில் சூழ்நிலையைச் சுருக்குங்கள். 'இன்டர்வியூ' இன்னும் நடக்கவே இல்லை. 'ஞாயிறு இரவு, மெயிலைத் திரும்பப் படித்தபோது' என்பது போல, பயம் வந்த அந்த நிமிஷத்தை எழுதுங்கள். பிறகு உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். சொதப்பினால்? 'பதில் வராமல் விழிப்பேன்.' விழித்தால்? 'இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.' பயத்தை 85க்கு ஏற்றுவது இந்தக் கடைசி வாக்கியம் என்றால், அதற்கு அடிக்கோடு போடுங்கள். சோதனை அதற்கு மட்டும்தான்.

நான்காவது கட்டம் ஆதரவுச் சாட்சி. ஜாயின் கேள்வியில் திணறியது இங்கே வரும், மறைக்க வேண்டாம். 'வயிற்றைக் கலக்குகிறது' வராது. அது பயத்தின் அறிகுறி, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பெரும்பாலான தாள்கள் கெடுவது இந்த இடத்தில்தான். ஐந்தாவதில் எதிர்ச்சாட்சி: அதே இன்டர்வியூவில் முதல் ரவுண்டு தாண்டியது, இரண்டு வருஷ ரிப்போர்ட் வேலை.

ஆறாவதில் 'கண்டிப்பாக வேலை கிடைக்கும்' என்று எழுதினால் உங்கள் மனசே சிரிக்கும். இரண்டு சாட்சியையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஜாயினில் நான் பலவீனம், அதில் மறுபடி திணறலாம். ரிப்போர்ட் வேலை எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் கேட்டால் பேச முடியும்.' இதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று பக்கத்தில் போடுங்கள். 70 இருந்தால் நன்று. 20 என்றால் வாக்கியம் உங்களுடையதல்ல, யாரோ சொன்ன ஆறுதல், மாற்றி எழுதுங்கள்.

ஏழாவதில் மறுபடி மார்க். பயம் 85லிருந்து 50க்கு வந்தாலே தாள் வேலை செய்திருக்கிறது; பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வெட்கம் 60லேயே நின்றால், அடியில் வேறொரு எண்ணம் இருக்கிறது. 'வீட்டில் எந்த முகத்தோடு சொல்வேன்' என்பது போல ஏதாவது. அதற்குத் தனித் தாள் எடுங்கள். இதிலேயே திணிக்க வேண்டாம்.

ஜாயினில் உள்ள ஓட்டையைத் தாள் அடைக்காது. புதன் வரை தினமும் கொஞ்ச நேரம் அதை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.