பழைய கட்டிடங்களில் பிரிட்டிஷ் அரசச் சின்னத்தைப் படித்தறிவது எப்படி? – கேள்வி பதில்

சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கி நிற்கும் பிரிட்டிஷ் சின்னங்கள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

தாங்கி நிற்கும் விலங்குகளை விட்டுவிட்டு, நடுவிலுள்ள கேடயத்தை மட்டும் பாருங்கள். 1603 முதல் அதே இரு விலங்குகள்தாம் நிற்கின்றன. அவற்றைக் கொண்டு காலத்தைக் கணிக்க முடியாது. காலத்துக்கேற்ப மாறியது கேடயம்தான்.

கேடயம் நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அதை ஏந்துபவரின் வலக்கைப் பக்கமே முதன்மையானது என்பதால், எதிரே நிற்கும் நமக்கு இடப்பக்க மேல் கட்டம் முதலாவது, வலப்பக்க மேல் கட்டம் இரண்டாவது. கீழ் வரிசையிலும் அதே முறைதான். மூன்று சிங்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நடந்தபடி நம்மை நோக்கி முகம் திருப்பியிருந்தால் அது இங்கிலாந்து. ஒற்றைச் சிங்கம் பின்னங்காலில் எழுந்து நிற்க, அதைச் சுற்றி லில்லி மலர்கள் கோத்த இரட்டைக் கரை ஓடினால் ஸ்காட்லாந்து. யாழ் அயர்லாந்தைக் குறிக்கும். லில்லி மலர்கள் பிரான்சுக்கு உரியவை. 1340-இல் மூன்றாம் எட்வர்டு பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிச் சேர்த்துக்கொண்ட அம்மலர்கள் 1801-இல்தான் நீக்கப்பட்டன. ஓடும் குதிரை, ஜார்ஜ் மன்னர்களின் பூர்வீக ஜெர்மன் நாடான ஹனோவரின் அடையாளம். அது 1714-க்கும் 1837-க்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டும் உரியது.

நான் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எங்கள் தேவாலயத்தில் உள்ள பழைய மரப்பலகையில் 'ஜி ஆர்' என்று எழுதி அரசச் சின்னம் வரைந்திருக்கிறார்கள். ஆகவே அது ஜார்ஜ் மன்னர்களில் ஒருவருடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதில் குதிரை இல்லை. முதல் கட்டமும் நான்காம் கட்டமும் மறுபடி நான்காகப் பிரிந்து, லில்லியும் சிங்கங்களும் மாறிமாறி வருகின்றன. இரண்டாவதில் எழுந்து நிற்கும் சிங்கம், மூன்றாவதில் யாழ்.
– மென்பொருள் பொறியாளர்

குதிரை இல்லாததைக் கவனித்தீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. முதல் ஜார்ஜ் 1714-இல் பட்டத்துக்கு வந்ததிலிருந்து நான்காம் கட்டம் முழுவதும் ஹனோவருக்குப் போய்விட்டது. அவ்விடத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் இருக்கும் கேடயம் எந்த ஜார்ஜ் மன்னருக்கும் உரியதாக இருக்க முடியாது.

நீங்கள் விவரிப்பது 1603-இல் முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒருசேர ஆளத் தொடங்கியபோது அமைத்த, அவருடைய ஸ்டூவர்ட் வம்சத்தின் கேடயம். மூன்றாம் வில்லியம் 1689-இல் வந்ததும் தம் நசாவ் குடும்பத்துச் சிங்கத்தை ஒரு சிறு கேடயமாக நடுவில் பதித்தார். உங்கள் பலகையின் நடுவில் அப்படி எதுவும் இல்லையென்றால் அவருடைய காலத்தையும் தள்ளிவிடலாம். அவருக்குப் பின் ஆன் அரசி 1702 முதல் 1707 வரை பழைய ஸ்டூவர்ட் கேடயத்தையே கொண்டிருந்தார். ஆனால் அவருடைய முதலெழுத்து 'ஏ'.

அப்படியானால் 'ஜி' எங்கிருந்து வந்தது? புதிய அரசர் வந்தபோது புதுப் பலகை செய்யச் செலவழிக்காமல், பழையதிலேயே எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்ட தேவாலயங்கள் உண்டு. 'சி'யில் ஒரு சிறு கோட்டைச் சேர்த்தால் 'ஜி' ஆகிவிடும். ஒரு கைவிளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அந்த எழுத்தைப் பாருங்கள். பின்னால் சேர்த்த கோடு சற்றே மேடாகவோ வேறு பளபளப்புடனோ தெரியக்கூடும். தெரிந்தால் அது சார்லஸ் மன்னரின் பலகை. முதலாமவரா இரண்டாமவரா என்பதைக் கேடயம் சொல்லாது, ஏனெனில் இருவருக்கும் ஒரே கேடயம்தான். இருவருக்கும் இடையே இங்கிலாந்தில் அரசரின்றி நடந்த குடியரசு ஆட்சியில் பல அரசச் சின்னங்கள் அழிக்கப்பட்டு, 1660-க்குப் பின் புதியவை வைக்கப்பட்டதால், இரண்டாம் சார்லஸ் காலத்தது என்று கருதவே நான் சாய்வேன். தேவாலயத்தின் பழைய கணக்கேட்டில் ஓவியருக்குக் கூலி கொடுத்த குறிப்பு கிடைத்தாலன்றி அதை முடிவாகச் சொல்ல முடியாது.

எங்கள் நாட்டின் காலி நகரிலுள்ள கோட்டையின் பழைய வாயிலில் உட்புறம் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும், வெளிப்புறம் பிரிட்டிஷ் சின்னமும் உள்ளன. இரண்டும் ஒரே காலத்தவையா?
– ஆசிரியை, இலங்கை

இல்லை. ஆங்கிலேயர் காலியைக் கைப்பற்றியது 1796-இல். வெளிப்புறச் சின்னம் அதற்குப் பிந்தியதாகவே இருக்க முடியும். எவ்வளவு பிந்தியது என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு கட்டம் முழுவதும் லில்லி மலர்கள் இருந்தால், அது 1801-க்கு முந்திய வடிவம். லில்லி இல்லாமல், நடுவில் ஒரு சிறு கேடயம் இருந்தால், 1801 முதல் 1837 வரை. அந்தச் சிறு கேடயத்தின் மேல் துணித்தொப்பி இருந்தால் 1816-க்கு முன், மகுடம் இருந்தால் பின். நடுவில் எதுவுமே இல்லையென்றால் விக்டோரியாவோ அவருக்குப் பின் வந்தவர்களோ. உப்புக்காற்றில் கல் தேய்ந்திருந்தாலும் நடுவிலுள்ள சிறு கேடயத்தின் மேடு எளிதில் மறையாது. முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.

பழைய அச்சுப் படங்களில் கேடயத்தின் மேல் மெல்லிய கோடுகள் வருகின்றனவே, அவை நிழல் காட்டத்தானே?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

நிழலுக்காகவும் கோடு போடுவார்கள் என்பதால் உங்கள் எண்ணம் பாதி சரி. ஆனால் கேடயத்தின் பரப்பில் ஒரே சீராக ஓடும் கோடுகள் வண்ணத்தைச் சொல்பவை. 1638-இல் பெட்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவியின் நூல் வழியாக இம்முறை பரவியது. நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டது வெள்ளி, இரு கோடுகளும் குறுக்கிட்டால் கருப்பு. ஆகவே இங்கிலாந்தின் கட்டத்தில் நெடுக்குக் கோடுகளின் மேல் புள்ளியிட்ட சிங்கங்களும், ஸ்காட்லாந்தின் கட்டத்தில் புள்ளிகளின் மேல் நெடுக்குக் கோடிட்ட சிங்கமும் வரும். கல்லில் செதுக்குபவர்கள் இதைப் பல நேரம் விட்டுவிடுவார்கள். கோடு இல்லாத கல்லை வெள்ளி என்று படித்துவிடாதீர்கள்.

சிவப்பு வீரத்தையும் நீலம் விசுவாசத்தையும் குறிக்கும் என்று படித்தேன். வண்ணங்களை வைத்து யாருடைய சின்னம் என்று சொல்லலாமா? – இல்லத்தரசி, கோவை

பொன்னின் மேல் வெள்ளி வரக்கூடாது என்று ஒரு விதி உண்டே, ஜெருசலேம் அரசு அதை மீறவில்லையா? – நாணயச் சேகரிப்பாளர், சென்னை

சிவப்பு வீரம், நீலம் விசுவாசம் என்ற பொருள்கள் பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னவை. அவற்றைக் கொண்டு எவரையும் அடையாளம் காண முடியாது. பயன்படுவது சேகரிப்பாளர் சொல்லும் விதிதான். பொன், வெள்ளி என்ற உலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வராது; சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை போன்ற நிறங்களும் அப்படியே. தொலைவிலிருந்து பார்த்தாலும் உருவம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதே காரணம். ஜெருசலேம் வெள்ளியின் மேல் பொற்சிலுவைகள் கொண்டது. அது எல்லோரும் அறிந்த விதிவிலக்கு.

பழுதுபார்க்க வந்தவர் தவறாக வண்ணம் பூசியதைப் பிடிக்கவும் இவ்விதி உதவும், ஆனால் எல்லாத் தவறுகளையும் அல்ல. அரசக் கேடயத்தில் அயர்லாந்தின் யாழ் நீலத்தின் மேல் பொன்னாக இருக்க வேண்டும். யாரேனும் நீலத்துக்குப் பதில் பச்சை பூசிவிட்டால், விதி மீறப்படாது. சின்னம் மட்டும் தவறாகிவிடும்.

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்து வெள்ளிக் கரண்டி உள்ளது. முறுக்கிய கயிறு போன்ற ஒன்றின் மேல் சிங்கத்தலை பொறித்திருக்கிறது. எந்தக் குடும்பத்தின் கேடயம் இது?
– ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தவர், பெங்களூரு

இது கேடயமே அன்று. கேடயத்துக்கு மேலுள்ள தலைக்கவசத்தின் உச்சியில் வைக்கும் முடிச்சின்னம் இது. அந்த முறுக்குக் கயிறு தலைக்கவசத்தைச் சுற்றிக் கட்டிய துணி. கேடயம் வீட்டுக்கு வீடு வேறுபட வேண்டும் என்பது முறை. முடிச்சின்னத்திலோ ஒரே சிங்கத்தலையைத் தொடர்பில்லாத பல குடும்பங்கள் வைத்திருந்தன. அதனால் இதை மட்டும் கொண்டு பெயர் சொல்ல என்னால் இயலாது.

கரண்டியின் பின்புறம் வெள்ளித் தர முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆங்கில முத்திரையானால் அவற்றுள் ஓர் எழுத்து செய்த ஆண்டைச் சொல்லும். சிங்கத்தலைக்கு அருகில் குறிக்கோள் வாசகம் ஏதேனும் பொறித்திருந்தால் அதையும், சிங்கத்தின் கழுத்து நேராக வெட்டப்பட்டுள்ளதா, பிய்த்தெடுத்ததுபோல் கிழிந்துள்ளதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்தக் கழுத்து வேறுபாடு ஒன்றே பல குடும்பங்களை விலக்கிவிடும்.