அடக்கத்தின் மேலா, விற்ற விலையிலா? கடைக் கணக்குக் கேள்வி பதில்

புதுக்கடை: அடக்கத்துக்கு மேல 25 சதவீதம் வச்சு விக்கிறேன். கணக்கு எழுதுறவர் லாபம் 20 சதவீதம்தான்னு போட்டிருக்கார். மீதி 5 எங்க போச்சு?

எங்கும் போகவில்லை. 100க்கு வாங்கியதை 125க்கு விற்கிறீர்கள், நிற்பது 25. அதை நீங்கள் வாங்கிய 100ஓடு வைத்துப் பார்க்கிறீர்கள், அவர் விற்ற 125ஓடு வைத்துப் பார்க்கிறார். உங்களுடையது மார்க்கப், அவருடையது மார்ஜின். பணம் ஒன்றுதான்.

இருவருமே அவரவர் இடத்தில் சரி. சரக்கு வந்து இறங்கி நீங்கள் விலை போட உட்காரும்போது கையில் இருப்பது கொள்முதல் பில் மட்டும். விற்கும் விலை இனிமேல்தான் பிறக்க வேண்டும். அதனால் கை தானாக அடக்கத்தின் மேல்தான் ஏற்றும். கணக்கு எழுதுபவர் முன்னால் முதலில் வருவது மொத்த விற்பனை, அவர் அதிலிருந்து இறங்கி வருகிறார்.

இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் அடி விழும். "வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து விற்பனையில் 22 சதவீதம். நான் 25 வைக்கிறேன், 3 மிஞ்சும்" என்று நினைப்பவர்கள் உண்டு. செலவு விற்பனையின் மேல், லாபம் அடக்கத்தின் மேல். ஒரே தட்டில் வைத்தால் 20 வந்து 22 போகிறது. கடையில் கூட்டம் இருக்கும், மாதக் கடைசியில் கை மட்டும் கடிக்கும்.

எண்பிரியன்: ரொம்ப யோசிக்க வேண்டாம். மார்க்கப்பில் 5 கழித்தால் மார்ஜின். நான் எப்போதும் அப்படித்தான் போடுகிறேன்.

25க்கு மட்டும் அது பொருந்தும். அடக்கத்தின் மேல் 10 வைத்தால் விலையில் 9 சொச்சம். வித்தியாசம் 1கூட இல்லை. 50 வைத்தால் 33, 100 வைத்தால் 50. ஏற ஏற இடைவெளி அகலும்.

மனக்கணக்கு வேண்டுமென்றால் சதவீதத்தை விட்டுப் பங்காகப் பாருங்கள். அடக்கத்தில் நாலில் ஒரு பங்கு ஏற்றினால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்று ஏற்றினால் நாலில் ஒன்று. பாதி ஏற்றினால் மூன்றில் ஒன்று. அடக்கம் நாலு பங்கு, லாபம் ஒரு பங்கு, ஆக விலை ஐந்து பங்கு, அவ்வளவுதான் சூட்சுமம்.

வியாபாரி மகன்: அப்போ எதுல கணக்குப் போட்டா லாபம் அதிகமா வரும்?

எதில் போட்டாலும் கல்லாவில் அதே பணம்தான். உயரத்தை அடியில் அளந்தாலும் அங்குலத்தில் அளந்தாலும் ஆள் வளர்வதில்லை.

இருப்புக் கணக்கு: நான் கேட்கிறது வேற. ஆரம்ப இருப்பு 3,00,000. கொள்முதல் 5,10,000. விற்பனை 6,00,000. எல்லாத்துக்கும் அடக்கத்து மேல 25 தான் வைக்கிறேன். விற்பனையில 25 சதவீதம் லாபத்தைக் கழிச்சா போன சரக்கு 4,50,000. அப்போ கடையில 3,60,000க்கு சரக்கு இருக்கணும். எண்ணிப் பார்த்தா 3,24,000 தான். 36,000 காணோம். வேலை பார்க்கிற பையன் மேல சந்தேகமா இருக்கு.

பையனிடம் இன்னும் எதுவும் பேசவில்லையென்றால் நல்லது. கழித்த இடத்தில்தான் பிழை.

நீங்கள் ஏற்றியது அடக்கத்தில் 25, கழித்தது விற்பனையில் 25. விற்பனையிலிருந்து இறங்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான் கழிய வேண்டும், அதாவது 1,20,000. இல்லையென்றால் 6,00,000ஐ நேராக 1.25ஆல் வகுத்துவிடுங்கள். போன சரக்கின் அடக்கம் 4,80,000. ஆரம்ப இருப்பும் கொள்முதலும் சேர்ந்து 8,10,000; அதில் 4,80,000 போக 3,30,000 இருக்க வேண்டும். இருப்பது 3,24,000. குறைவது 6,000; மற்ற 30,000 காகிதத்தில் மட்டும் தொலைந்த சரக்கு.

இந்தப் பிழையை ஓரளவு அடையாளம் காணலாம். திருட்டென்றால் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும், குறிப்பிட்ட பொருளில் விழும். உங்கள் 30,000 விற்பனையில் சரியாக 5 சதவீதம். மாதா மாதம் விற்பனை எவ்வளவோ அதே வீதத்தில் "காணாமல்" போனால், முதலில் சூத்திரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

6,000க்கு வருவோம். வாடிக்கையாளருக்கு விலை குறைத்துக் கொடுப்பீர்களா? அதையெல்லாம் எழுதி வைக்கிறீர்களா? மொத்தம் 7,500 குறைத்திருந்தால் முழு விலைக்கு விற்பனை 6,07,500 ஆகியிருக்கும். அதன் அடக்கம் 4,86,000. இருப்பு 3,24,000க்கே வந்து நிற்கும். உடைந்தது, வீட்டுக்கு எடுத்துப் போனது, எண்ணும்போது விட்டது, இவையும் உண்டு.

விலைப்பலகை: 100 + 30 % அழுத்தினா என் கால்குலேட்டர்ல 142.86 வருது. செல்போன்ல 130 வருது. கால்குலேட்டர் பழுதா?

பழுதில்லை, அது கடைக்காரருக்காகவே செய்த கணக்கு. சில மேசைக் கால்குலேட்டர்களில் கூட்டலுக்குப் பின் % அழுத்தினால் விலையில் 30 சதவீதம் லாபம் நிற்கும்படியான விலையைக் காட்டும். செல்போன் அடக்கத்தின் மேல் ஏற்றிக் காட்டுகிறது. கையால் போடுவதென்றால்:

```
அடக்கம் ÷ (1 − 0.30)
100 ÷ 0.70 = 142.86
```

விலையில் 30 நிற்க வேண்டும் என்று நினைத்து 1.3ஆல் பெருக்குவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. 130க்கு விற்றால் 30 வரும், ஆனால் அது 130இல் 23 சதவீதம்தான். பில் போடும் மென்பொருளிலும் லாப சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். எதன் மேல் என்று சொல்லாது. அடக்கம் 100, லாபம் 20 என்று போட்டுப் பாருங்கள். 120 வந்தால் மார்க்கப், 125 வந்தால் மார்ஜின்.

தேங்கிய சரக்கு: 30 வச்சு விக்கிறேன். தேங்கினதுக்கு 25 தள்ளுபடி போட்டுட்டேன். இன்னும் 5 கையில நிக்குதுல்ல?

இல்லை. ஏற்றியது 100இன் மேல், இறக்குவது 130இன் மேல். 130இல் 25 சதவீதம் 32.50, கைக்கு வருவது 97.50. ஒவ்வொன்றிலும் இரண்டரை போகிறது. உங்களுக்கு 23க்கு மேல் தள்ளுபடி கட்டாது. (இதை நானே ஒருமுறை பலகையில் எழுதி வைத்து, சரக்கு வேகமாகத் தீர்கிறதே என்று மகிழ்ந்தவன்.) ஆனாலும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் சரக்கென்றால் அடக்கத்துக்குக் கீழேயும் தள்ளிவிடலாம், தெரிந்தே செய்தால் சரி.

எண்பிரியன்: அந்த 3,24,000 கணக்கில் ஒரு சந்தேகம். எல்லாப் பொருளுக்கும் ஒரே 25 என்று யாராவது வைப்பார்களா?

நல்ல கேள்வி, நான் கேட்க மறந்தது. பாதிச் சரக்குக்கு 10ம் மீதிக்கு 40ம் வைத்துவிட்டு "சராசரி 25" என்றால், எது அதிகம் விற்றதோ அதைப் பொறுத்து விடை மாறிவிடும். 10 வைத்தது அதிகம் போயிருந்தால் அதே விற்பனைக்கு அடக்கம் கூடுதலாகப் போயிருக்கும். 6,000 அதிலேயே அடங்கிவிடலாம்.

இருப்புக் கணக்கு: பெரும்பாலும் 25. சிலதுக்கு 15 கூட வைப்பேன். குறைச்சுக் கொடுத்ததை எழுதல. அப்போ 6,000 யாரோடது?

இப்போதுள்ள தாள்களை வைத்துச் சொல்ல முடியாது. 15 வைக்கும் பொருளைத் தனிப் பிரிவாக பில் போடுங்கள், குறைத்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள், அடுத்த மாதக் கடைசியில் மறுபடி எண்ணிவிட்டு வாருங்கள்.