பழைய பிரிண்டர் தாள் இழுக்காவிட்டால்

“வாசிகசாலைக்குத் தந்த பழைய லேசர் பிரிண்டர் தட்டிலிருந்து தாளை இழுக்குதில்லை. எறியலாமா?”

எறியாதேங்கோ. வடமராட்சியில் எங்கள் வாசிகசாலைக்கும் இப்படியொன்று வந்தது. அங்கே தொண்டு செய்கிற தங்கச்சி முதலில் முன்வாயிலால் ஒற்றைத் தாள் கொடுத்தாள். எழுத்து தெளிவாக விழுந்தது. அப்போ டோனரும் ட்ரம்மும் சரி, பழுது தட்டின் ரப்பர் உருளையில்தான். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, உருளையைக் கழற்றினாள். கண்ணாடி மாதிரி மினுங்கியது. அந்த வழுக்கல்தான் தாளைப் பிடிக்க விடாது. நூல் உதிராத துணியை இலேசாக நனைத்து, மினுக்கம் போகும்வரை துடைத்து, காயவிட்டுப் பூட்டினாள். இப்ப சோதனை வினாத்தாளெல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள்.

ரப்பர் வெடித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, புது உருளை போடவேணும். மாரியில் தாள்க்கட்டைப் பிரித்து வைக்காதேங்கோ. ஈரம் ஏறிய தாள் நல்ல உருளையிலும் சிக்கும்.