மாலைச் செய்திக்கு அன்றிரவே பகிடி

"எங்கள் நையாண்டி நிகழ்ச்சிக்கு மாலை 6 மணிக்குப் பதிவு, இரவு 9க்கு ஒளிபரப்பு. நாலரைக்குப் பெரிய செய்தி வந்தால் பிரதி முழுக்கக் குழம்புது. என்ன செய்யலாம்?"

முதல் 90 விநாடியைக் காலையிலேயே தனித் துண்டாக எழுதுங்கள். பெரிய செய்தி வந்தால் அதை மட்டும் கழற்றிப் புதியதை வைக்கலாம். பின்னால் வரும் எந்த வரியும் அதைத் தொட்டுப் பேசக்கூடாது. பேசினால் ஒன்றைக் கழற்றும்போது மற்றதும் சரியும்.

பெற்றோல் விலை ஏறியது என்று வைப்போம். முதல் வரியில் பழைய விலை, புதிய விலை மட்டும். அரங்கில் இருப்பவர்கள் செய்தியை இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள். விளங்காமல் சிரிப்பு வராது. அடுத்தது திருப்பம்: "இனி ஓட்டோவில மீற்றர் மட்டும்தான் ஓடும்."

நேரத்தை விழுங்குவது எழுத்தல்ல, கிராபிக்ஸ். ஒரே படம் போதும். ஐந்தரைக்குப் பின் வரி மாற்றினால் டெலிபுரொம்டரில் பழையதும் புதியதும் கலக்கும். அறிவிப்பாளர் அங்கேதான் தடுமாறுவார்.