வரி இருந்தா மட்டும் ஸ்ட்ரோமாடோலைட் ஆயிடாது

கேள்வி: சுண்ணாம்புக்கல் மாதிரி ஒரு கல்லு கெடச்சிருக்கு, வெட்டிப் பாத்தா உள்ள வரி வரியா இருக்கு, நடுவுல கூம்பு மாதிரி மேல தூக்கிட்டு நிக்குது. இது ஸ்ட்ரோமாடோலைட் தானா, இல்ல சும்மா மடிஞ்ச கல்லான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில்: ஸ்ட்ரோமாடோலைட்னா பாக்டீரியாங்க பாய் மாதிரி படர்ந்து, மணலையும் சுண்ணாம்பையும் பிடிச்சு அடுக்கடுக்கா கட்டுன கல்லு. உங்க கல்லு அதானான்னு பாக்க மொதல்ல அதை இன்னொரு தடவை வெட்டணும், இந்தத் தடவை படுக்கையா, கூம்போட தலையைச் சீவுற மாதிரி. நிஜக் கூம்பா இருந்தா அடிமரத்துல தெரியிற வளையம் மாதிரி வட்டமோ நீள்வட்டமோ தெரியும். நேர்கோடா இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓடுச்சுன்னா மடிப்புன்னு சந்தேகப்படலாம். ஆனா வட்டம் வந்துடுச்சுன்னு உடனே சந்தோஷப்படாதீங்க, அது முதல் வடிகட்டல்தான்.

அடுத்து என்ன பாக்கணும்னு புரியணும்னா இது உயிரோட இருக்கும்போது எப்படி வளருதுன்னு தெரிஞ்சிருக்கணும். மேற்கு ஆஸ்திரேலியாவுல ஷார்க் பே, அதுல ஹேமலின் பூல்னு ஒரு ஆழமில்லாத மூலை. வாசல்ல கடல்புல் வளர்ந்த மணல் திட்டு இருக்கறதால புதுத் தண்ணி சரியா உள்ள வராது, வெயில்ல வத்தி வத்தி உப்பு சாதாரண கடலை விட சுமார் ரெண்டு மடங்கு ஆயிடுது. பாசியை மேயுற நத்தைங்க பலதுக்கு அந்த உப்பு ஆகாது, அதனால பாக்டீரியாப் பாய் நிம்மதியா வளருது. (உப்பு இருந்தாதான் வளரும்னு இல்ல, பஹாமாஸ்ல சாதாரண கடல்தண்ணியிலயே வளருது, அங்க அலைஞ்சுகிட்டே இருக்கற மணல்தான் காவல்.)

அந்தப் பாயைக் கத்தியால சின்னதா வெட்டிப் பாத்தா சில மில்லிமீட்டர்லயே மேல பச்சையா, வெளிச்சத்தை வெச்சு வாழுற சயனோபாக்டீரியா, கீழ ஊதாவா கந்தக பாக்டீரியா, அதுக்கும் கீழ அழுகுன முட்டை நாத்தத்தோட கருப்பா ஒரு அடுக்கு. மேல இருக்கறதுங்க நூல் மாதிரி, கோந்து மாதிரி ஒரு பிசின் விடும், தண்ணி கொண்டுவர்ற மணல் அதுல ஒட்டிக்கும். மணல் மூடுனா வெளிச்சம் போயிடுமில்ல, அதனால நூலுங்க மெல்ல மேல ஊர்ந்து வந்து புதுப் பாய் பின்னும், அடியில மாட்டுனது சுண்ணாம்பா இறுகும், இப்படித்தான் வரி மேல வரி. வேகம் வருஷத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் கம்மி. நூறு வருஷம் முன்னாடி அங்க கம்பளி ஏத்திட்டுப் போன வண்டியோட சக்கரத் தடம் பாய் மேல இன்னும் அழியாம இருக்குன்னா பாத்துக்கோங்க.

இப்ப உங்க கல்லுக்கு வருவோம். வெட்டுன முகத்தைத் தண்ணியில நனைச்சு பத்து மடங்கு லென்ஸ்ல கூம்போட சரிவைப் பாருங்க. ஒட்டாத மணல் 35 டிகிரிக்கு மேல சரிவுல நிக்காது, உருண்டுடும். அதைவிடச் செங்குத்தான சரிவுல மணல் துகள் ஒட்டிட்டு இருந்தா அப்பவே ஏதோ பிசின் பிடிச்சிருந்திருக்குன்னு அர்த்தம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச சாட்சி. அப்புறம் வரியோட தடிமன். பாய் உச்சியில நல்லா வளரும், அதனால வரி உச்சியில தடிச்சு, ஓரத்துல மெலிஞ்சு, கொஞ்சம் சுருங்கி நெளிஞ்சு இருக்கும். எல்லா இடத்துலயும் அச்சு எடுத்த மாதிரி ஒரே தடிமன்னா தண்ணியிலேருந்து தானா படிஞ்ச தாது ஓடா இருக்கலாம். மடிப்புலயும் உச்சி தடிக்கறது உண்டு, அதனால இதை மட்டும் தனியா நம்பாதீங்க. ஒரு கூம்புக்கும் அடுத்த கூம்புக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தையும் பாருங்க, அங்க மண்ணு தட்டையா வந்து கூம்போட பக்கத்துல முட்டி நின்னா கூம்பு அப்பவே மேடா நின்னுருக்கு. அந்த மண்ணும் கூம்போட சேந்தே வளைஞ்சிருந்தா பின்னாடி நசுங்குனதா இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுல பெரிய ஆளுங்களே சண்டை போட்டிருக்காங்க. 2016ல கிரீன்லாந்தோட இசுவாவுல 370 கோடி வருஷக் கல்லுல சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் கூம்புங்க இருக்கு, ஸ்ட்ரோமாடோலைட்தான்னு ஒரு குழு எழுதுச்சு. 2018ல ஜியாலஜிஸ்ட் அபிகெய்ல் ஆல்வுட் குழு அதே இடத்துக்குப் போய் முன்பக்கம் மட்டும் பாக்காம பக்கவாட்டுலயும் வெட்டிப் பாத்தாங்க. கூம்புன்னு நெனச்சது கல்லு நசுங்கி இழுபட்ட திசையிலயே நீளுற வரப்பு, உள்ள ஒழுங்கான வரியும் இல்ல, சிலது தலைகீழாவும் நின்னுச்சு. பாய் வெளிச்சத்தைப் பாத்துதான் வளரும், கீழ் நோக்கி வளராது. இத்தனைக்கும் இதே ஆல்வுட்தான் 2006ல ஆஸ்திரேலியாவோட ஸ்ட்ரெல்லி பூல்ல 343 கோடி வருஷக் கூம்புங்களை உயிர் செஞ்சதுன்னு வாதாடுனவங்க, அங்க ஏழு விதமான வடிவம், ஒவ்வொண்ணும் பழைய கடலடியோட குறிப்பிட்ட சூழலோட பொருந்தி வந்துச்சு.

வினிகர் ஊத்துனா நுரைக்குதேன்னு இதை முடிவு பண்ண முடியாது, அது சுண்ணாம்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள பாக்டீரியாவோட செல்லையே பாத்துடலாம்னும் எதிர்பாக்காதீங்க, சுண்ணாம்பு திரும்பத் திரும்பப் படிகமாகும்போது அதெல்லாம் பெரும்பாலும் அழிஞ்சுடும். ரெண்டு வெட்டு முகத்தையும் நனைச்சு, பக்கத்துல ஸ்கேல் வெச்சு, கெடந்த இடத்துல எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு அம்புக்குறி போட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு ஜியாலஜி தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. மலையோட ஒட்டி இல்லாம உருண்டு கெடந்த கல்லுன்னா அந்த மேல், கீழ் கணக்கு போயிடுச்சு, சரிவும் தடிமனும்தான் மிச்சம்.